சோலார் போட்டதும் பவர் பேக்டர் ஏன் சரிகிறது? ஓர் அரிசி ஆலைக் கணக்கு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலையானாலும் சரி, செங்கோட்டைப் பக்கத்து மர அறுவை மில்லானாலும் சரி, கூரையில் சோலார் தகடு போட்ட பிறகு பில்லைப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். யூனிட் குறைந்திருக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பவர் பேக்டரும் கூடவே இறங்கியிருக்கும். அதற்கென்று தனியாக ஓர் அபராதத் தொகையும் சேர்ந்திருக்கும். மோட்டார் பழைய மோட்டார், வயரிங் பழைய வயரிங், ஆலைக்குள் எதையும் மாற்றவில்லை. அப்படியிருக்க பவர் பேக்டர் மட்டும் எப்படிக் கெடும்?

சோலார் போட்டவரைக் கேட்டால் தகட்டில் குறையில்லை என்பார். மீட்டரைச் சோதித்தால் மீட்டரும் சரியாகவே இருக்கும். இருவர் சொல்வதும் உண்மைதான். பவர் பேக்டர் என்பது ஒரு விகிதம். விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் புதிர் அவிழாது. விகிதத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அளவுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு வசதியான கருவிதான் கலப்புத் திறன். பிளஸ் டூவில் படித்த கலப்பெண் போதும், அதற்கு மேல் கணிதம் தேவையில்லை.

## ஏசியில் திறன் ஏன் ஒரே எண்ணில் அடங்குவதில்லை

டிசியில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கதை அங்கேயே முடிந்துவிடும். ஏசியில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொட்டால் சிக்கல் இல்லை. ஹீட்டரும் பழைய குண்டு பல்பும் அப்படித்தான் நடந்துகொள்ளும். மோட்டாரில் அப்படி இல்லை. சுருளுக்குள் காந்தப்புலம் எழுந்தால்தான் மோட்டார் சுற்றும். அந்தக் காந்தப்புலத்தை எழுப்பும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே உச்சம் தொடும்.

ஒரு சிறிய தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட், 5 ஆம்பியர், மின்னோட்டம் சுமார் 37 பாகை பின்தங்குகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 1150 வருகிறது. ஆனால் மோட்டார் உண்மையில் உட்கொள்வது 1150 × 0.8, அதாவது 920 வாட். மீதி எங்கே போனது?

ஒவ்வொரு கணமும் லைனிலிருந்து மோட்டாருக்குள் போகும் திறனை வரைந்து பார்த்தால் விடை கண்ணுக்குத் தெரியும். அது 920-ஐ நடுவாக வைத்து, மேலே 2070 வாட் வரையும் கீழே −230 வாட் வரையும் வினாடிக்கு 100 முறை ஊசலாடுகிறது. எதிர்க்குறி வருகிற சிறு இடைவெளிகளில் மோட்டார் திறனை வாங்கவில்லை, லைனுக்குத் திருப்பித் தருகிறது. காந்தப்புலம் எழும்போது அதில் தேங்கிய ஆற்றல், புலம் அடங்கும்போது வந்த வழியே திரும்புகிறது. அப்புறம் மறுபடி போகிறது, மறுபடி வருகிறது.

இந்த ஊசலாட்டத்தை வைத்து மூன்று அளவுகளை வரையறுக்கலாம்.

1. மெய்த்திறன் (P): ஊசலாட்டத்தின் சராசரி. இங்கே 920 வாட். தண்ணீரை ஏற்றுவதும், தண்டைச் சுற்றுவதும், வெப்பமாகக் கழிவதும் இதுதான். யூனிட் கணக்கும் இதை வைத்தே.
2. ரியாக்டிவ் திறன் (Q): சராசரியில் பூஜ்யமாகி, போவதும் வருவதுமாக மட்டும் இருக்கும் பகுதியின் உச்ச அளவு. இங்கே 1150 × 0.6, அதாவது 690 விஏஆர்.
3. தோற்றத் திறன் (S): வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கியது. இங்கே 1150 விஏ. கம்பி, சுவிட்ச், டிரான்ஸ்பார்மர் எல்லாம் சூடாவது இந்த அளவைப் பொறுத்தே. கம்பிக்கு ஆம்பியர்தான் தெரியும், அது வேலை செய்யும் ஆம்பியரா வெறுமனே போய்வரும் ஆம்பியரா என்று தெரியாது.

மெய்த்திறனைத் தோற்றத் திறனால் வகுத்தால் பவர் பேக்டர். இங்கே 920 ÷ 1150 = 0.8.

ரியாக்டிவ் திறனை வீண் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது சரியல்ல. காந்தப்புலம் இல்லாமல் மோட்டார் அசையாது. Q தேவையான ஒன்றுதான். பிரச்சினை அது எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பல கிலோமீட்டர் தாண்டி துணை மின்நிலையத்திலிருந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தால், வழி நெடுக உள்ள கம்பிகள் அதற்காகச் சூடாகும்.

## கலப்புத் திறன்: இரண்டு அளவுகள், ஒரே எண்

இந்த P, Q இரண்டையும் ஒரே கலப்பெண்ணாக எழுதலாம். P மெய்ப்பகுதி, Q கற்பனைப் பகுதி. மின்னியலில் மின்னோட்டத்துக்கு i என்ற எழுத்து போய்விட்டதால் கற்பனை அலகுக்கு j போடுவார்கள்.

```
S = V × I* = P + jQ
|S| = √(P² + Q²)
PF = P / |S|
```

`I*` என்பது மின்னோட்டத்தின் இணைக் கலப்பெண், அதாவது கோணத்தின் குறியை மாற்றியது. ஏன் நேராக V × I என்று பெருக்கக் கூடாது? பாடம் படிக்கும்போது பலர் இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணம் எளிது, தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

நம் தண்ணீர் மோட்டாரில் V = 230, I = 4 − j3. இதன் அளவு 5 ஆம்பியர், சுமார் 37 பாகை பின்தங்கல். இணையை எடுத்துப் பெருக்கினால் 230 × (4 + j3) = 920 + j690. சரியான விடை. இணை எடுக்காமல் பெருக்கினாலும் 920 வருகிறது, Q-வின் குறி மட்டும் மாறுகிறது. அப்படியானால் இணை எதற்கு என்று தோன்றும்.

இப்போது கடிகாரத்தை வேறொரு கணத்திலிருந்து தொடங்குவோம். மின்னழுத்தத்தின் கோணம் 30 பாகை என்று வைத்தால் மின்னோட்டத்தின் கோணம் 30 − 37 = −7 பாகை. மோட்டாரில் எதுவும் மாறவில்லை. இணை எடுக்காமல் பெருக்கினால் கோணங்கள் கூடி 23 பாகை ஆகும். மெய்ப்பகுதி சுமார் 1058 வாட் என்று வரும். கடிகாரத்தை எப்போது தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மோட்டாரின் வாட் மாறுகிறது என்றால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. இணை எடுத்தால் கோணங்கள் கழியும். 30 − (−7) = 37 பாகை, மறுபடியும் அதே 920 + j690. திறனைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள கோண வித்தியாசம் மட்டுமே. அந்த வித்தியாசத்தை எடுத்துத் தருவதுதான் இணையின் வேலை.

இந்த வரையறையில் மின்னோட்டம் பின்தங்கினால் Q நேர்க்குறி, மோட்டார் Q-வை வாங்குகிறது என்று பொருள். கெப்பாசிட்டரில் மின்னோட்டம் முந்தும், Q எதிர்க்குறி. அதாவது கெப்பாசிட்டர் Q-வைத் தருகிறது. மோட்டார் ஆற்றலைத் திருப்பும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும், மோட்டார் கேட்கும்போது கொடுக்கும். போய்வரும் ஆற்றல் இருவருக்குள்ளேயே முடிந்துவிடும், லைன் வரை போக வேண்டியதில்லை.

கலப்புத் திறனின் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளின் P-க்களையும் தனியாகக் கூட்டலாம், Q-க்களையும் தனியாகக் கூட்டலாம். ஆனால் தோற்றத் திறன்களை, அதாவது கேவிஏ-க்களை அப்படிக் கூட்டக் கூடாது. பவர் பேக்டர்களைக் கூட்டுவதற்கோ சராசரி எடுப்பதற்கோ இடமே இல்லை.

## ஆலையைக் கூட்டிப் பார்ப்போம்

ஒரு மாதிரி ஆலை. தாழ்வழுத்த மூன்று பேஸ் இணைப்பு, 415 வோல்ட். நெல் உமி நீக்கும் பெரிய மோட்டார் நல்ல சுமையில் ஓடுகிறது. எலிவேட்டர், சல்லடை, ஊதுவிசிறி மோட்டார்கள் பாதிச் சுமைக்கும் கீழே ஓடுகின்றன. பிறகு கொஞ்சம் விளக்கும் ஹீட்டரும்.

```
பெரிய மோட்டார்     12 + j9    (15 kVA, PF 0.80)
சிறிய மோட்டார்கள்    6 + j8    (10 kVA, PF 0.60)
விளக்கு, ஹீட்டர்      2 + j0    ( 2 kVA, PF 1.00)
மொத்தம்             20 + j17
```

தோற்றத் திறன் √(400 + 289) = 26.25 கேவிஏ. பவர் பேக்டர் 20 ÷ 26.25 = 0.76. லைனில் 36.5 ஆம்பியர் ஓடுகிறது. Q இல்லாமல் இருந்தால் அதே வேலைக்கு 28 ஆம்பியர் போதும்.

சிறிய மோட்டார்களைக் கவனியுங்கள். பெரிய மோட்டாரில் பாதி வேலைதான் செய்கின்றன, ஆனால் Q-வை ஏறக்குறைய அதே அளவு வாங்குகின்றன. இன்டக்‌ஷன் மோட்டாருக்குக் காந்தப்புலத்துக்கான தேவை சுமை குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. வாட் இறங்கும், விஏஆர் அங்கேயே நிற்கும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வாங்கிப் போடும் பழக்கம் பவர் பேக்டரைக் கெடுப்பது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு எதிர்பார்க்கப்படும் சராசரி பவர் பேக்டர் 0.85. உயரழுத்த இணைப்புகளுக்கு 0.90. அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு 0.01-க்கும் மின் நுகர்வுக் கட்டணத்தில் ஒரு பங்கு இழப்பீடாகச் சேரும். நம் ஆலை 0.76-ல் இருப்பதால் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறது.

## சோலார் வந்ததும் என்ன ஆகிறது

சாதாரண கூரை சோலார் இன்வெர்ட்டர் பவர் பேக்டர் 1 என்று அமைக்கப்பட்டே வருகிறது. அது வாட் மட்டும் தரும், விஏஆர் தராது. நண்பகலில் 15 கிலோவாட் தருகிறது என்றால் அதன் கலப்புத் திறன் 15 + j0. ஆலைக்கு வேண்டியதில் இதைக் கழித்தால் லைனிலிருந்து வர வேண்டியது கிடைக்கும்.

```
(20 + j17) − (15 + j0) = 5 + j17
|S| = √(25 + 289) = 17.7 kVA
PF = 5 / 17.7 = 0.28
```

0.76 என்பது 0.28 ஆகிவிட்டது. ஆலைக்குள் எதுவும் மாறவில்லை, சோலாரிலும் குறையில்லை. P-யை மட்டும் கூரையிலிருந்து வாங்கத் தொடங்கினோம், Q முழுவதும் பழையபடி லைனிலிருந்தே வருகிறது. விகிதத்தின் மேல் எண் நாலில் ஒரு பங்காகச் சுருங்க, கற்பனைப் பகுதி அசையாமல் நிற்கிறது.

இதில் லைனுக்கு நல்லதா கெட்டதா என்றும் பார்க்க வேண்டும். 36.5 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 24.6 ஆம்பியர்தான். கம்பியின் சுமை குறைந்திருக்கிறது. அப்படியும் பவர் பேக்டர் மோசமாகக் காட்டுகிறது. பவர் பேக்டரை மட்டும் வைத்து ஓர் இணைப்பை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஆனாலும் அபராதம் அந்த விகிதத்தை வைத்தே போடப்படுவதால் ஆலைக்காரருக்கு இது பணப் பிரச்சினை.

## கெப்பாசிட்டர் எவ்வளவு வேண்டும்

சோலாருக்கு முன்பு 12.5 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் 20 + j4.5 ஆகியிருக்கும். தோற்றத் திறன் 20.5, பவர் பேக்டர் 0.976. கம்பியில் சூடாகி வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கெப்பாசிட்டர் வரையிலான கம்பி இழப்பு பழையதில் 61 சதவீதமாகக் குறைந்திருக்கும்.

அதே கெப்பாசிட்டர் சோலாருக்குப் பிறகு போதாது. 5 + j4.5 என்றால் பவர் பேக்டர் 0.74. P 5 ஆக இருக்கும்போது 0.85 வேண்டுமானால் Q 3.1-ஐத் தாண்டக் கூடாது. எனவே 17 − 3.1 = 13.9 கேவிஏஆர் குறைந்தபட்சம் வேண்டும். 15 போட்டால் 5 + j2, பவர் பேக்டர் 0.93. சோலார் இல்லாத மழை நாளில் 20 + j2, 0.995. சோலார் இருக்கும் இடத்தில் இலக்கு பவர் பேக்டர் வைத்துக் கணக்குப் போடுவதைவிட, Q-வைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்று கணக்குப் போடுவதே சரி. அப்போது P எவ்வளவு ஆடினாலும் கவலையில்லை.

கடையில் 15 கேவிஏஆர் என்று கேட்டு வாங்கி மாட்டினால் உண்மையில் 15 கிடைக்காது. தாழ்வழுத்தக் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 440 வோல்ட்டுக்கு அளவிடப்பட்டவை. தரும் விஏஆர் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். கிராமத்து லைனின் கடைசியில் 400 வோல்ட்தான் இருக்கிறது என்றால் (400/440)² = 0.826, கிடைப்பது 12.4 கேவிஏஆர். மீதி Q 4.6, பவர் பேக்டர் மறுபடி 0.74-க்கு வந்துவிடும். பெட்டியில் 15 என்று எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் அபராதம் என்று அலைவதில் பயனில்லை. 13.9 ÷ 0.826 = 16.8 என்பதால் 12.5-ம் 5-ம் சேர்த்து 17.5 வாங்க வேண்டும்.

## ராத்திரியில் கெடும் கணக்கு

கெப்பாசிட்டரை மெயினில் நேரடியாகக் கட்டிவிட்டு மறந்துபோவது இன்னொரு பெரிய தவறு. மாதாந்திர சராசரி பவர் பேக்டர் என்பது ஒரு கண நேர அளவு அல்ல. மீட்டர் திரையில் வரும் `kWh` எண்ணிக்கையை `kVAh` எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஆலை நின்ற பிறகும் கெப்பாசிட்டர் லைனில் இருந்தால் அது தனியாக Q-வைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சோலாரை விட்டுவிட்டு ஒரு நாளைப் பார்ப்போம். 8 மணி நேரம் ஆலை ஓடுகிறது, 16 மணி நேரம் அரைக் கிலோவாட் விளக்கு மட்டும் எரிகிறது. கெப்பாசிட்டர் உண்மையாகவே 15 கேவிஏஆர் தருகிறது என்று கொள்வோம்.

```
ஓடும்போது     20 + j2     8 மணி   160 kWh   161 kVAh
நிற்கும்போது   0.5 − j15   16 மணி     8 kWh   240 kVAh
மொத்தம்                          168 kWh   401 kVAh
சராசரி PF = 168 / 401 = 0.42
```

கெப்பாசிட்டரே இல்லாத நாளில் இதே கணக்கு 168 ÷ 218, அதாவது 0.77. காசு கொடுத்து வாங்கி மாட்டியது நிலைமையை மோசமாக்கிவிட்டது. ஆலை நிற்கும்போது கெப்பாசிட்டரையும் நிறுத்தினால் 0.99-க்கு மேல் வரும்.

இங்கே மீட்டரின் அமைப்பும் முக்கியம். சில மீட்டர்கள் பின்தங்கும் Q-வை மட்டும் கணக்கில் சேர்க்கும், முந்தும் Q-வைக் கண்டுகொள்ளாது. சில இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும். மேலே உள்ள அடி இரண்டாவது வகையில்தான் விழும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று அறுவடை முடிந்து நெல் வரும் காலங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். இடைப்பட்ட மாதங்களில் பாதி நாள் பூட்டிக்கிடக்கும். சீசனில் நன்றாக இருந்த பவர் பேக்டர் சீசன் இல்லாத மாதத்தில் விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இப்படி விடாமல் ஓடும் கெப்பாசிட்டரைத்தான்.

சரி, என்ன செய்யலாம்?

1. பெரிய மோட்டாருக்கு உரிய கெப்பாசிட்டரை அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு சேர்த்துவிடலாம். மோட்டார் ஓடினால் அதுவும் ஓடும், நின்றால் அதுவும் நிற்கும். எளிய, மலிவான வழி. ஆனால் மோட்டாரின் சுமையில்லா நிலைக்குத் தேவையான Q-வைவிடப் பெரிய கெப்பாசிட்டரை இப்படிக் கட்டக் கூடாது. மின்சாரம் போன பின்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், கெப்பாசிட்டரிடமிருந்து காந்தப்புலத்தைப் பெற்று ஜெனரேட்டராகி அதிக வோல்ட்டை உண்டாக்கிவிடும்.
2. மீதிக்குத் தானியங்கிப் பேனல் வைக்கலாம். அது Q-வை அளந்து, 2.5, 5 என்று படிப்படியாகக் கெப்பாசிட்டர்களைச் சேர்க்கும், எடுக்கும். சோலார் உபரியை லைனுக்கு அனுப்பும் ஆலை என்றால் நான்கு கால்வட்டங்களிலும் அளக்கக்கூடிய ரிலே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்று சோலார் மட்டும் ஓடும்போது P எதிர்க்குறியாகிவிடும். பழைய வகை ரிலே அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிப் போடும்.
3. இன்வெர்ட்டரையே Q தரச் சொல்லலாம். 20 கேவிஏ இன்வெர்ட்டர் 15 கிலோவாட் தந்துகொண்டிருக்கும்போது √(400 − 225), அதாவது 13 கேவிஏஆர் வரை தரும் இடம் அதில் மிச்சம் இருக்கிறது. அந்த அமைப்பு அதில் இருக்க வேண்டும், மாற்றவும் அனுமதி வேண்டும்.

போட்ட கெப்பாசிட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கிளாம்ப் மீட்டர் போதும். 440 வோல்ட்டில் 15 கேவிஏஆர் என்று குறித்தது 400 வோல்ட்டில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 18 ஆம்பியர் இழுக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் நல்லது. ஒரு கம்பியில் 18-ம் மற்ற இரண்டில் பத்துச் சொச்சமும் காட்டினால், உள்ளே முக்கோணமாக இணைந்திருக்கும் மூன்று பகுதிகளில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். செத்த பகுதி, 18 காட்டும் கம்பிக்கு எதிரே உள்ளது. தரும் விஏஆர் மூன்றில் இரண்டாகக் குறைந்திருக்கும். இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, விளக்கும் எரியும், கான்டாக்டரும் இழுக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், சில நிமிடம் விட்டு, அளந்து பார்த்த பிறகே முனைகளைத் தொட வேண்டும்.

மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போட்டிருந்தால் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. டிரைவ் இழுக்கும் மின்னோட்டம் சீரான அலையாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கும். அதில் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் கலந்திருக்கும். அவையும் ஆம்பியரைக் கூட்டும், கேவிஏவைக் கூட்டும், ஆனால் P-யிலும் சேராது, மேலே சொன்ன Q-விலும் சேராது. கெப்பாசிட்டர் இதைச் சரிசெய்யாது. டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்து ஒத்ததிர்வு ஏற்பட்டால் கெப்பாசிட்டரே சூடாகி வீங்கிப்போகும். அங்கே தொடர் ரியாக்டர் வைத்த கெப்பாசிட்டர் வேண்டும்.

## அதே கணக்கு, காற்றாலை அளவில்

ஆலைக்கு நடந்தது ஒரு பீடர் முழுவதற்கும், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஒரு வட்டாரத்துக்கே மின்சாரம் கொண்டுபோகும் லைன் முழுவதற்கும் நடக்கும். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் வீசும் மாதங்களில், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு வட்டாரங்களில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம்.

தொடக்க காலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைகளில் பல ஒரே வேகத்தில் சுற்றும் இன்டக்‌ஷன் ஜெனரேட்டர் வகை. ஜெனரேட்டர் என்றாலும் உள்ளே இருப்பது மோட்டாரின் உடன்பிறப்புதான். காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது, லைனிலிருந்துதான் வாங்க வேண்டும். எனவே வாட்டைத் தருகிறது, விஏஆரை வாங்குகிறது. கெப்பாசிட்டர் வைத்தே வருகிறது, ஆனால் அது பொதுவாகச் சுமையில்லா நிலைத் தேவைக்குத்தான் போதும். காற்று கூடி உற்பத்தி ஏற ஏற Q தேவையும் ஏறும்.

ஊருக்கும் வயல் மோட்டார்களுக்கும் சேர்த்து 1000 + j600 தேவைப்படும் ஒரு பீடரை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் சுமக்க வேண்டியது 1166 கேவிஏ. அதே பீடரில் பழைய வகைக் காற்றாலைகள் 800 கிலோவாட் தந்து, கெப்பாசிட்டர் போக 200 கேவிஏஆர் வாங்குகின்றன.

```
(1000 + j600) + (−800 + j200) = 200 + j800
|S| = 825 kVA,  PF = 0.24
```

ஊருக்கு வேண்டிய வாட்டில் 80 சதவீதம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் டிரான்ஸ்பார்மரின் சுமை 29 சதவீதம்தான் குறைந்தது. Q வெகுதூரத்திலிருந்து வருவதால் வழியில் மின்னழுத்தமும் இறங்கும். மின்னழுத்தம் இறங்கினால் கெப்பாசிட்டர்கள் தரும் விஏஆர் வர்க்கக் கணக்கில் குறையும், அது மேலும் இறக்கும். பெரிய கெப்பாசிட்டரைப் போட்டுவிடலாமே என்றால், மேலே மோட்டாருக்குச் சொன்ன ஆபத்து இங்கேயும் உண்டு. லைன் டிரிப் ஆன கணத்தில் காற்றாலை தன் கெப்பாசிட்டரோடு தனியே ஓடி, கட்டுப்பாடில்லாமல் வோல்ட்டை ஏற்றிவிடும்.

புதிய காற்றாலைகளில் மின்னணு மாற்றிகள் இருப்பதால் P-யையும் Q-வையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடிகிறது. மொத்தம் 1000 கேவிஏ திறன் உள்ள அப்படிப்பட்ட காற்றாலைகள் 800 கிலோவாட் தரும்போது √(1000² − 800²), அதாவது 600 கேவிஏஆர் வரை தரவும் இடம் இருக்கிறது. அப்போது (1000 + j600) − (800 + j600) = 200 + j0. டிரான்ஸ்பார்மர் வழியாக வர வேண்டியது வெறும் 200 கேவிஏ. ஆனால் காற்று இன்னும் வலுத்து அவை முழு 1000 கிலோவாட்டையும் தரத் தொடங்கினால், Q தருவதற்கு அவற்றில் இடம் மிச்சம் இருக்காது. அந்த 600 கேவிஏஆரை மறுபடி துணை மின்நிலையத்திலிருந்தோ, வழியில் உள்ள கெப்பாசிட்டர் தொகுப்பிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.